முந்தானை ஓரத்தில் விழும் வெயில்

கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு. கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த படம். மணமக்களின் முகபாவம், நிற்கும் விதம், பின்னால் தகதகக்கும் கடல் எல்லாம் நன்றாக அமைந்திருக்கின்றன. பெண்ணின் முந்தானை மட்டும் தொங்கிக்கிடக்கிறது. "இது பறக்கிற மாதிரி செஞ்சு தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். எடிட்டர் வேறொரு படத்திலிருந்து பறக்கும் முந்தானையை வெட்டி எடுத்துப் பொருத்துகிறார். வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறது, புடவையின் நிறமும் ஒத்துப்போகிறது. ஆனாலும் ஆல்பத்தைப் புரட்டும் அத்தை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்: "இது ஒட்ட வெச்சது."

அவர் கண்ணில் பட்டது ஓரம்தான். அந்தப் படத்தில் சூரியன் மணமக்களுக்குப் பின்னால் இருக்கிறது. பெண்ணின் தோள், காது மடல், பறக்கும் ஓரிரு முடிகள், மாப்பிள்ளையின் சட்டைக் காலர் என எல்லாவற்றின் ஓரத்திலும் மெல்லிய பொன்னிறக் கோடு ஓடுகிறது. புதிதாக வந்த துணியில் மட்டும் அது இல்லை. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உருவத்தின் ஓரத்தில் போடும் இந்தக் கோட்டை ஒளிப்பதிவாளர்கள் ரிம் லைட் என்பார்கள். அதைப் புதுத் துணியில் எப்படி வரவழைப்பது என்பதே இந்தக் கட்டுரை. கோடு வரைவது சுலபம். எந்த ஓரத்தில் வரையக் கூடாது என்று தெரிந்துகொள்வதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் அந்தக் கோடு ஏன் தோன்றுகிறது என்று பார்ப்போம். பட்டோ பருத்தியோ, எந்த நாரின் மேற்பரப்பும் தன்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத்தான் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். அதே வெளிச்சம் பரப்பை உரசிக்கொண்டு சாய்வாகப் போனால் கதை மாறிவிடும். சாய்வு கூடக் கூடத் திரும்பும் பங்கும் கூடி, கிட்டத்தட்ட முழுவதுமே பிரதிபலிக்கும் நிலை வந்துவிடும். சூரியன் பின்னால் இருக்கும்போது கேமராவுக்குத் தெரியும் தோளின் பெரும்பகுதி நிழலில் கிடக்கிறது. தோள் வளைந்து மறையும் கடைசி இழையில் மட்டும் வெயில் உரசிக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறது. அந்தக் குறுகிய பட்டைதான் ரிம் லைட்.

இதோடு நார்களின் பங்கும் சேர்ந்துகொள்கிறது. பருத்தி நூல் குட்டைக் குட்டையான நார்களை முறுக்கித் திரித்தது. அதனால் துணியின் மேல் எப்போதும் பொடி நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து வெயில் பட்டால் அவை ஒவ்வொன்றும் மின்னுவதால் பருத்தித் துணியின் ஓரம் மங்கலாக, சற்றே அகலமாகத் தெரியும். பட்டு அப்படியில்லை. ஒரு கூட்டிலிருந்து வரும் பட்டிழை பல நூறு மீட்டர் நீளமானது என்பதால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் மிகக் குறைவு. எனவே பட்டின் ஓரக்கோடு கூர்மையாக, ஒல்லியாக விழும். பருத்தி வேட்டியின் ஓரத்தைப் பார்த்து அளவெடுத்துப் பட்டு முந்தானைக்குப் போட்டால் அது பட்டுபோல இருக்காது.

இனி ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். சென்னைக் கடற்கரை. சூரியன் எழுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி உயரும். அப்படியானால் இப்போது அது அடிவானத்துக்கு மேல் ஏழெட்டு டிகிரியில் நிற்கிறது. கேமரா கடலைப் பார்க்கிறது, லென்ஸ் 85 மில்லிமீட்டர். படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். சூரியன் படத்துக்குள் இல்லை; நமக்கு இடப்பக்கம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மணப்பெண் அரக்குநிற மென்பட்டு கட்டியிருக்கிறார். காற்று இலேசாக இருப்பதால் நெற்றியோரத்து முடி மட்டும் வலப்பக்கம் அசைகிறது. முந்தானையைத் தூக்கும் அளவுக்கு அதற்கு வலுவில்லை. புது முந்தானை ஸ்டுடியோவில் அதே புடவையை விசிறிக் காற்றில் பறக்கவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தனியாக எடுத்தது. அது முடி அசையும் பக்கத்திலேயே, வலப்பக்கமாகப் பறக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் முடி ஒரு திசையிலும் துணி வேறொரு திசையிலும் பறக்கும் படங்கள் எத்தனையோ ஆல்பங்களில் இருக்கின்றன.

முதல் வேலை சூரியனைக் கண்டுபிடிப்பது. அது சட்டத்துக்குள் இல்லாவிட்டாலும் தடயம் உள்ளே கிடக்கிறது. சூரியன் பின்னால் இருப்பதால் நிழல் மணலில் நம்மை நோக்கி நீள்கிறது. மணப்பெண்ணின் பாதத்திலிருந்து அவர் தலையின் நிழல்வரை ஒரு நேர்கோடு போட்டு, அதைப் பின்பக்கமாக அடிவானம்வரை நீட்டுங்கள். சமதளமான மணலில் அந்தக் கோடு அடிவானத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலேதான் சூரியன் இருக்கிறது. நம் படத்தில் அந்தப் புள்ளி இடப்பக்கம் சட்டத்தைத் தாண்டி விழுகிறது. கேமரா பார்க்கும் திசையிலிருந்து சுமார் 20 டிகிரி விலகல். நிழல் சொன்னது சரிதானா என்று உருவத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். படத்தின் இடப்பக்கம் இருக்கும் தோளில் கோடு அகலமாகவும், தலை உச்சியில் மெல்லியதாகவும் இருக்கிறது. வலப்பக்கத் தோளில் கோடே இல்லை. இடப்பக்கமும் கொஞ்சம் மேலேயும் என்று மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன.

அடுத்து அளவெடுப்பது. படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தோளில் கோடு எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணுங்கள். நம் படத்தில் 7. தலை உச்சியில் 3. பிறகு நிறம் எடுக்கும் கருவியை மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். கோட்டின் நடுவில் சிவப்பு 255, பச்சை 244, நீலம் 214 வருகிறது, ஏறக்குறைய வெள்ளை. கோடு உள்பக்கம் தேயும் இடத்தில் 236, 158, 92, நல்ல ஆரஞ்சு. நிழலில் கிடக்கும் புடவையின் மிக இருண்ட மடிப்பில் 38, 30, 34. இந்த மூன்றாவது எண்ணைத்தான் பலரும் எடுப்பதில்லை. எதிரே சூரியன் இருக்கும்போது லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறி, படம் முழுவதும் மெல்லிய வெண்புகைபோலப் படிந்துவிடும். அதனால் அத்தகைய படத்தில் முழுக் கறுப்பு என்பதே இருக்காது. புதுத் துணியின் மடிப்புகளில் 5, 4, 4 என்று கறுப்பு இருந்தால் ஓரத்தில் எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் துணி படத்துக்கு முன்னால் மிதந்துகொண்டிருக்கும்.

கோட்டின் நடுவில் வெள்ளையும் தேயும் இடத்தில் ஆரஞ்சும் வருவது ஏன்? காலை வெயிலில் சிவப்பு அதிகம், பச்சை அதைவிடக் குறைவு, நீலம் மிகக் குறைவு. வெளிச்சம் கூடும்போது கேமராவில் முதலில் சிவப்பு தன் உச்சமான 255ஐத் தொட்டு நின்றுவிடுகிறது. பச்சையும் நீலமும் அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகின்றன. அதனால் ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையை நெருங்குகிறது. கையால் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இழுத்த கோடு தட்டையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அதில் இந்த ஏற்றம் இல்லை.

கோடு போடுவதற்கு முன் துணியையே நிழலுக்குள் கொண்டுவர வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த துணியில் மடிப்புகளின் மேட்டில் வெள்ளை மினுக்கம் இருக்கும். அந்த மினுக்கம் முன்னாலிருந்து வந்த வெளிச்சம். கடற்கரைப் படத்தில் முன்னால் சூரியன் இல்லை. நமக்குப் பின்னால் இருக்கும் வானத்தின் பரவலான, சற்றே நீலம் கலந்த வெளிச்சம் மட்டும்தான் முன்பக்கம் விழுகிறது. எனவே Curves-இல் வெளிச்சப் பகுதியை நன்றாகத் தாழ்த்துங்கள், இருண்ட பகுதியை 38, 30, 34 அளவுக்கு உயர்த்துங்கள், நடுப்பகுதியில் ஒரு துளி நீலம் சேருங்கள். துணி மந்தமாக, உயிரில்லாமல் தெரியும். அதுதான் சரி. அந்தக் கட்டத்திலேயே துணி அழகாக இருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

உயிர் இரண்டு வழிகளில் வரும். ஒன்று ஓரக்கோடு. மற்றொன்று துணியை ஊடுருவி வரும் வெளிச்சம். இரண்டின் நிறமும் வேறு. ஓரக்கோடு நாரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிப்பதால் அது வெயிலின் நிறத்தைக் காட்டும். ஊடுருவி வரும் வெளிச்சம் சாயத்துக்குள் புகுந்து வருவதால் துணியின் நிறத்தைக் காட்டும். அரக்குப் பட்டில் அது ஆழ்ந்த செந்நிறத் தணலாகத் தெரியும். ஒற்றை மடிப்பாக விரிந்திருக்கும் இடத்தில் மட்டும் இந்தத் தணல் இருக்க வேண்டும். துணி ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் சட்டென்று குறையும்: ஒரு மடிப்பு நூற்றில் 30 பங்கு வெளிச்சத்தை விடுகிறது என்றால், இரண்டாம் மடிப்பு அந்த 30இல் மறுபடி நூற்றுக்கு 30ஐத்தான் விடும்; ஆக 9 பங்கு. இந்த வேறுபாட்டை வரைந்துவிட்டால் துணிக்குக் காற்றும் கனமும் வந்துவிடும். அதற்குப் புது லேயர் ஒன்றைத் துணியோடு Clipping Mask ஆகப் பிணைத்து, Screen முறையில் வைத்து, மென்மையான பிரஷால் செந்நிறம் தடவுங்கள். பிரஷின் Flow 5 முதல் 10 சதவீதம் போதும்.

ஜரிகை இங்கே ஒரு சோதனை வைக்கிறது. முன்னால் வெளிச்சம் இருக்கும்போது புடவையிலேயே மிகப் பிரகாசமானது ஜரிகைக் கரைதான். அதனால் எடிட்டரின் கை தானாகவே அங்கே வெளிச்சத்தைக் கூட்டும். ஆனால் ஜரிகை உலோகம் சுற்றிய இழை. அதன் ஊடாக வெளிச்சம் வராது. சூரியன் பின்னால் இருக்கும்போது புடவையின் உடல் தணல்போல ஒளிரும், ஜரிகைக் கரையோ அதைவிட இருண்ட பட்டையாக நிற்கும். அந்த இருண்ட பட்டையின் கடைசி ஓரத்தில் மட்டும் சில புள்ளிகள் பளிச்சென்று மின்னும். இருண்ட ஜரிகையைப் பார்த்து வாடிக்கையாளர் முதலில் முகம் சுளிக்கக்கூடும். அதைப் பொன்னாக்கிக் கொடுத்தால் படம் பொய்யாகிவிடும் என்பதே என் கருத்து. நல்ல கனமான காஞ்சிபுரம் பட்டை ஷிஃபான்போல அலையலையாகப் பறக்கவிடுவதும் அப்படித்தான்; அந்த ஜரிகையின் எடைக்குக் கடற்கரைக் காற்று அதை அப்படித் தூக்காது.

இப்போது கோடு. பெரும்பாலோர் எடுக்கும் குறுக்குவழி Layer Style-இல் இருக்கும் Inner Glow. ஒரு சொடுக்கில் துணியைச் சுற்றி ஒளி வந்துவிடும். சுற்றி என்பதுதான் சிக்கலே. மேல் ஓரம், கீழ் ஓரம், சூரியனைப் பார்க்கும் பக்கம், பார்க்காத பக்கம் எல்லாவற்றிலும் ஒரே அகலத்தில் கோடு விழுந்து, துணி நியான் பலகைபோல ஆகிவிடும். சூரியன் இருப்பது ஒரு பக்கம். ஆகவே கோடும் ஒரு பக்கமே தடித்திருக்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. துணி லேயரின் சின்னப் படத்தை Ctrl அழுத்தியபடி சொடுக்கினால் துணியின் வடிவம் முழுவதும் தேர்வாகும். மேலே புது லேயர் திறந்து, தேர்வான பகுதியை அளவெடுத்த ஆரஞ்சால் நிரப்புங்கள். தேர்வை நீக்காமல் Marquee கருவிக்கு மாறி, அம்பு விசைகளால் தேர்வை மட்டும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். நம் படத்தில் சூரியன் இடப்பக்கம் 20 டிகிரி, மேலே எட்டு டிகிரிக்குள் இருக்கிறது. தோளில் 7, உச்சியில் 3 என்று எடுத்த அளவும் அந்த விகிதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் 7 முறை, கீழே 3 முறை. பிறகு Shift+F6 அழுத்தி 2 பிக்சல் Feather கொடுத்து, Delete அழுத்துங்கள். நிரப்பிய ஆரஞ்சில் பெரும்பகுதி போய்விடும். இடப்பக்கம் பார்க்கும் ஓரங்களில் 7 பிக்சல், மேலே பார்க்கும் ஓரங்களில் 3 பிக்சல், சரிவான ஓரங்களில் இடைப்பட்ட அகலம் என்று ஒரு பிறைக்கோடு மிஞ்சும். கீழ் ஓரத்திலும் வலப்பக்க நுனியிலும் எதுவும் இருக்காது. திசையைக் கையால் ஊகிக்க வேண்டியதில்லை. நகர்த்தலே அதைக் கணக்கிட்டுவிடுகிறது.

இந்த லேயரை Screen முறையில் வையுங்கள். இதே வேலையை இன்னொரு முறை, வலப்பக்கம் 3, கீழே 1 என்ற சிறு நகர்த்தலோடு, வெள்ளையை நெருங்கிய நிறத்தில் செய்து Linear Dodge (Add) முறையில் மேலே வையுங்கள். ஆரஞ்சுக்குள் வெள்ளை நடுக்கோடு என்று கேமரா தானாகச் செய்த ஏற்றம் இப்போது புதுத் துணியிலும் வந்துவிடும். Photopea, GIMP போன்ற இலவச மென்பொருள்களிலும் இந்த வேலையைச் செய்யலாம். சில மெனுக்களின் பெயர்தான் மாறும்.

ஆனால் இயந்திரம் போட்ட இந்தப் பிறை இன்னும் முடிந்த வேலையில்லை. அது துணியின் வெளி ஓரத்தை மட்டுமே அறியும். முந்தானை தோளில் தொடங்கும் இடத்திலும் அதற்கு ஓர் ஓரம் தெரிகிறது, அங்கேயும் கோடு போட்டிருக்கும். அந்த இடத்தில் துணிக்குப் பின்னால் உடம்பு இருக்கிறது, வெயில் வர வழியில்லை. லேயருக்கு மாஸ்க் போட்டு அதை முழுவதும் அழியுங்கள். மாப்பிள்ளையின் நிழல் விழக்கூடிய பகுதியிலும் அப்படியே. மறுபக்கம், துணியின் நடுவில் எழும் பெரிய மடிப்புகளின் முகட்டைப் பிறை அறியாது. அவற்றில் இடப்பக்கம் பார்க்கும் முகடுகளுக்கு மட்டும் 2, 3 பிக்சல் பிரஷால் கையாலேயே கோடு இழுக்க வேண்டும், அதுவும் முழு நீளத்துக்கு அல்ல. மடிப்பு வளைந்து கேமராவைப் பார்க்கத் தொடங்கும் இடத்தில் கோடு தேய்ந்து மறைய வேண்டும். உண்மையான தோளில் உள்ள கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது எங்கும் ஒரே சீராக இருக்காது. நெசவின் சிறு மேடுபள்ளங்களில் விட்டு விட்டு ஓடும். பிறையின் மாஸ்கில் சிறிய, சற்றுக் கரடான பிரஷால் அங்கங்கே 30, 40 சதவீதம் குறைத்தால் அந்த இயல்பு வரும்.

முந்தானை நுனியில் குஞ்சம் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. வலப்பக்க நுனி சூரியனைப் பார்க்கவில்லை என்று துணிக்குச் சொன்னோம். குஞ்சத்தின் நூல் ஒவ்வொன்றும் மெல்லிய உருளை. எந்தத் திசையில் தொங்கினாலும் அதற்கு இடப்பக்கம் ஒன்று உண்டு, அங்கே வெயில் உரசும். அதனால் துணியின் நுனி இருண்டிருக்க, குஞ்சத்தின் நூல்கள் மட்டும் மின்னும். ஒரு பிக்சல் பிரஷால் நான்கைந்து நூல்களுக்கு மட்டும் கோடு கொடுங்கள். எல்லா நூலும் மின்னினால் துடைப்பம் எரிவதுபோல ஆகிவிடும்.

கோட்டைச் சுற்றி ஒளி சற்றுக் கசிந்திருப்பதையும் தோளில் பார்க்கலாம். மிகப் பிரகாசமான எந்தப் பொருளைச் சுற்றியும் லென்ஸ் ஒரு மெல்லிய வெளிச்சப் படலத்தை உண்டாக்கும். அது துணிக்குள் மட்டும் இருக்காது, பின்னால் உள்ள கடலின் மேலும் படரும். ஆகவே பிறை லேயரின் நகல் ஒன்றை எடுத்து, துணியோடு பிணைக்காமல் விட்டு, Gaussian Blur 12 பிக்சல் கொடுத்து, Screen முறையில் 25 அல்லது 30 சதவீதத்தில் வையுங்கள். வெட்டிய ஓரத்தின் கத்தி விளிம்பு இதோடு காணாமல் போகும். கடைசியாகப் படத்தில் உள்ள அதே அளவுப் பொடியைத் துணியின் மேலும் தூவ வேண்டும். விடியற்காலையில் ISO கூட்டி எடுத்த படத்தில் பொடி இருக்கும். ஸ்டுடியோவில் எடுத்த துணி வழவழப்பாக இருக்கும்.

இதுவரை சேர்ப்பதைப் பற்றிப் பேசினோம். நல்ல எடிட்டரை அடையாளம் காட்டுவது அவர் எதை நீக்கினார் என்பதுதான். புது முந்தானை பறக்கும் வழியில் பெண்ணின் முழங்கையை மறைக்கிறது என்று வையுங்கள். முழங்கையின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பொன்கோடு இருந்தது. துணி சூரியனுக்கும் கைக்கும் நடுவில் வந்துவிட்டால் அந்தக் கோடு இருக்க முடியாது. துணி மெல்லியதாக இருந்தால் கோடு மங்கி, அரக்கு நிறம் ஏறிய ஒரு தடமாக மிஞ்சும். கனத்த துணியென்றால் முற்றிலும் மறையும். மறைக்கப்பட்ட கையில் பழைய கோடு பிரகாசமாகவே இருந்தால், பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும். அதேபோல மணலில் விழும் நிழல். பழைய முந்தானை தொங்கிக்கொண்டிருந்தபோது விழுந்த நிழல் இன்னும் அங்கேயே இருக்கிறது. புது முந்தானை வலப்பக்கம் பறந்தால் அதன் நிழலும் நம்மை நோக்கி, வலப்பக்கம் சாய்ந்து விழ வேண்டும். சூரியன் தாழ்ந்திருப்பதால் அது மிக நீளமாக இருக்கும், பெரும்பாலும் சட்டத்துக்குக் கீழே போய்விடும். அப்படிப் போய்விட்டால் அது எடிட்டருக்கு அதிர்ஷ்டம்.

நிழலுருவப் படங்களுக்கு இந்த வழிமுறை அப்படியே பொருந்தாது. கன்னியாகுமரியில் மாலை நேரத்தில் வானத்துக்கு அளவு வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். மனிதர்கள் கறுப்பு வடிவமாக நிற்கிறார்கள், ஓரத்தில் பொன்கோடு பெரும்பாலும் இருக்காது. காரணம், அங்கே வெளிச்சம் தருவது ஒற்றைச் சூரியன் மட்டுமல்ல, பின்னால் உள்ள வானம் முழுவதும். வானமே கோட்டின் அளவுக்குப் பிரகாசமாக இருக்கும்போது கோடு அதில் கரைந்துவிடும். அத்தகைய படத்தில் புதுத் துணியின் ஓரத்தில் பொன்கோடு போட்டால் அந்தத் துணி மட்டும் தனித்து நிற்கும். இங்கே தேவைப்படுவது வேறு: பின்னால் உள்ள வானம் இரண்டு மூன்று பிக்சல் துணிக்குள் கசிவது. வானப் படத்தின் நகல் ஒன்றை 10 பிக்சல் மங்கலாக்கி, துணியின் மேல் பிணைத்து, ஓரத்தில் 3 பிக்சல் மட்டும் தெரியும்படி மாஸ்க் செய்து, 35 சதவீதம் அளவில் வைத்தால் போதும். வானத்திலிருந்தே நிறம் வருவதால் சூரியனுக்கு அருகில் மஞ்சளாகவும் தள்ளிப் போகப் போக ஊதாவாகவும் தானே மாறிக்கொள்ளும். ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணியாக இருந்தால் அது நிழலுருவத்திலும் முழுக் கறுப்பாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். துணியின் உடல் வழியே வானம் தெரியும், மடிப்புகள் மட்டும் கறுக்கும்.

வேலை முடிந்ததும் சோதிக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணுக்குத் தவறு தெரியாது. படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள்; இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து இருண்ட பகுதியை மிகையாக உயர்த்துங்கள். புதுத் துணியின் நிழல் மற்ற நிழல்களோடு சேர்ந்து உயராமல் தனியாகக் கறுத்து நின்றாலோ, நிறம் மாறினாலோ, அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அந்த லேயரையே எதிர்ப்பக்கமாக இழுத்துப் படத்தை மிக இருட்டாக்கினால் ஓரக்கோடுகள் மட்டும் மிஞ்சும். அவற்றில் எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் புதியது கூடுதல் பிரகாசமாக இருக்கும். 15 சதவீதம் குறைத்தால் அமைந்துவிடும்.

ஆல்பத்தில் இது எவ்வளவு தெரியும் என்ற கேள்வி நியாயமானது. 6000 பிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். அதில் 7 பிக்சல் கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு. ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைக் கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. இருட்டும் வெளிச்சமும் மோதும் ஓரத்தில்தான் அந்தக் கட்டங்களின் அழுக்கு அதிகம் சேரும். பழைய தோளின் கோடே அழுக்காக இருக்கும்போது, அளவெடுக்க எதுவும் இல்லை. சுத்தமான புதுக்கோடு அதன் பக்கத்தில் பொருந்தவும் பொருந்தாது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மணமக்கள் நின்ற இடத்தை விட்டு நகர்வதற்கு முன், கேமராவின் அளவுகள் எதையும் மாற்றாமல், உதவியாளரை முந்தானையின் நுனியைப் பிடித்து வலப்பக்கமாக வீசிவிட்டு விலகச் சொல்லி, இரண்டு மூன்று படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கலாம், பெண் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்திருக்கலாம். பரவாயில்லை, தேவை துணி மட்டும்தான். அந்தத் துணியில் ஓரக்கோடு, தணல், இருண்ட ஜரிகை, மணலில் நிழல் எல்லாமே அதே சூரியன் போட்டது. எடிட்டருக்கு மிஞ்சுவது தோளில் இணைப்பதும், முழங்கையின் பழைய கோட்டை மங்கவைப்பதும்தான்.